அரை இன்ச் குழாய், முக்கால் இன்ச் ஹோஸ்: வாஷிங் மெஷினுக்கு எந்த இணைப்பு சரி?

தண்டையார்பேட்டைப் பக்கத்து வரிசை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்கட்டில் துணி துவைக்கும் கல், பக்கத்துச் சுவரில் ஒரே ஒரு பித்தளைக் குழாய். புதிதாக வாஷிங் மெஷின் வந்திருக்கிறது. மெஷினோடு வந்த ஹோஸின் நட்டைக் குழாயின் மூக்கில் வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. பெட்டிக்குள் நாலு ஸ்க்ரூ வைத்த பிளாஸ்டிக் அடாப்டர் ஒன்று கிடக்கிறது. கடைக்காரர் வாஷிங் மெஷின் குழாய் என்று ஒன்றைக் காட்டுகிறார், பிளம்பரோ டீ எனும் மூன்று வாய்த் துண்டு போட்டு ஆங்கிள் காக் வைக்கலாம் என்கிறார். மூன்றுமே வேலை செய்யும். ஆனால் எந்தச் சுவருக்கு எது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அதற்கு முன்னால் அளவு ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பாரிமுனைக்கு இரண்டாவது நடை நடக்க வைப்பது பெரும்பாலும் அதுதான்.

அரை இன்ச் என்று சொல்கிற குழாயில் இன்ச் டேப்பை வைத்தால் அரை இன்ச் எங்கேயும் வராது. அந்தப் பெயர் பழைய இரும்புப் பைப்பின் உள்துளையைக் குறித்து வந்தது. மரை இருப்பதோ பைப்பின் வெளிப்பக்கத்தில். அதனால் அரை இன்ச் ஆண் மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர். அரை இன்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர்தானே என்று கணக்குப் போட்டுத் தேடினால் சரியான சாமானே கண்ணில் படாது.

பெண் மரையில் குழப்பம் இன்னும் கூடுதல். சுவருக்குள் இருக்கும் அரை இன்ச் எல்போவின் வாயை அளந்தால் 18.6 மில்லிமீட்டர் வரும். டேப்பில் அது ஆறு நூலுக்கு மயிரிழை குறைவு. ஆறு நூல் என்றால் முக்கால் இன்ச். உடனே முக்கால் இன்ச் குழாய் வாங்கி வருவார்கள், அது வாய்க்குள்ளேயே நுழையாது. முக்கால் இன்ச் எல்போவின் வாய் 24 மில்லிமீட்டர், அதைப் பார்த்தவர் ஒரு இன்ச் என்று நினைப்பார். டேப் காட்டுகிற அளவுக்கு ஒரு படி கீழே இருப்பதுதான் மரையின் பெயர் என்று மனதில் வைத்துக்கொண்டால் வீட்டுச் சாமான்களில் அநேகமாகத் தப்பு வராது.

| கடையில் சொல்லும் பெயர் | ஆண் மரை வெளிவிட்டம் (மி.மீ.) | பெண் மரை வாய் (மி.மீ.) | ஒரு இன்ச்சில் மரைகள் |
|---|---|---|---|
| மூணு நூல் (3/8) | 16.7 | 15.0 | 19 |
| அரை இன்ச் | 21.0 | 18.6 | 14 |
| முக்கால் இன்ச் | 26.4 | 24.1 | 14 |
| ஒரு இன்ச் | 33.2 | 30.3 | 11 |

இவை நம் ஊரில் புழங்கும் பி.எஸ்.பி. மரையின் அளவுகள். சுவர்க் குழாய், ஆங்கிள் காக், வாஷ் பேசின் கனெக்‌ஷன் ஹோஸ், ஹெல்த் ஃபாசெட் எல்லாம் அரை இன்ச். வாஷிங் மெஷின் ஹோஸின் இரண்டு முனை நட்டும் முக்கால் இன்ச். மெஷினின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆண் மரையை அளந்து பாருங்கள், 26 மில்லிமீட்டரும் சொச்சமும் இருக்கும். சுவரில் அரை, ஹோஸில் முக்கால். இந்த இரண்டுக்கும் நடுவே எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

மரையை எண்ணிப் பார்ப்பதும் சுலபம். அரை இன்ச்சிலும் முக்காலிலும் நாலு நூல் நீளத்துக்குள் ஏழு மரை இருக்க வேண்டும். எண்ணக் கண் ஒத்துழைக்காவிட்டால், சரியென்று தெரிந்த ஒரு நிப்பிளின் மரையை இதன் மேல் படுக்கை வாட்டில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பல்லோடு பல் கவ்வி உட்கார்ந்தால் ஒரே மரை. நடுவில் வெளிச்சம் கசிந்தால் வேறு மரை.

இனி மூன்று வழிகளையும் பார்ப்போம்.

பெட்டியில் வந்த அடாப்டர்

இதற்குக் காசு கிடையாது, சுவரில் கை வைக்க வேண்டாம், வாடகை வீட்டில் ஓனரிடம் கேட்கவும் வேண்டாம். குழாயின் மூக்கில் மாட்டி நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் மூக்கின் விளிம்போடு அழுந்தித் தண்ணீரை நிறுத்துகிறது. கவனிக்க வேண்டியது, இங்கே மரை பிடிமானம் எதுவும் இல்லை. பிடித்துக்கொண்டிருப்பது நாலு ஸ்க்ரூ முனைகள் மட்டும்.

மெஷின் தண்ணீர் எடுத்து முடித்ததும் உள்ளே இருக்கும் மின் வால்வு சட்டென்று மூடும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் முட்டி நிற்கும்போது ஹோஸ் ஒரு துள்ளு துள்ளும். ஒரு துவைப்பில் இது பலமுறை நடக்கிறது. ஒவ்வொரு துள்ளலுக்கும் அடாப்டர் ஒரு மயிரிழை இறங்கும். மாதக்கணக்கில் இறங்கியது ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் கழன்று விழும். குழாய் திறந்தே இருப்பதால் மேல்தொட்டி காலியாகும் வரை தண்ணீர் கொட்டும். மெஷின் ஓடாத நேரத்தில் குழாயை மூடி வைக்கிற பழக்கம் உள்ள வீட்டில்தான் இதை நம்பலாம்.

மூக்கும் உருண்டையாக, வழுவழுப்பாக, முனையில் சின்ன விளிம்போடு இருக்க வேண்டும். உப்புத் தண்ணீருக்குப் பயந்து திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பக்கம் பலரும் பிளாஸ்டிக் குழாய் போட்டிருப்பார்கள். அதன் மூக்கில் ஸ்க்ரூவை முடுக்கினால் மூக்கு நசுங்கி முட்டை வடிவமாகிவிடும், ரப்பர் ஒரு பக்கம் அழுந்தி மறு பக்கம் விலகும். இன்னும் முடுக்கினால் நிற்கும் என்று முடுக்குவது விரிசலில்தான் முடியும்.

நுரைத் தண்ணீர் வரும் குழாயில் ஒரு பொறி இருக்கிறது. நுனியில் இருக்கும் சல்லடையைக் கழற்றினால் மரை தெரியும். அதில் ஹோஸ் நட்டை நேராகவே பூட்டிவிடலாம் என்று தோன்றும். வெளிப்பக்க மரை என்றால் அது பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் பொடி மரை. ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் ஒரே மில்லிமீட்டர்தான் இடைவெளி. முக்கால் இன்ச் நட்டு அதன் மேல் லொடலொடவென்று ஆடும், பிடிக்காது. டெஃப்லான் டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றிப் பிடிக்க வைப்பவர்களும் உண்டு. அது பிடிமானம் ஆகாது, தள்ளிப்போட்ட கசிவுதான்.

அரை இன்ச் உள்ளே, முக்கால் வெளியே: வாஷிங் மெஷின் குழாய்

பழைய குழாயைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதைப் பூட்டுவது. சுவர்ப் பக்கம் அரை இன்ச் ஆண் மரை, முன்பக்கம் முக்கால் இன்ச் ஆண் மரை. ஹோஸ் நட்டு நேராக ஏறும், நடுவில் எந்தத் துண்டும் இல்லை. கடையில், “அண்ணா, அரை இன்ச் இன்லெட், முக்கால் அவுட்லெட், வாஷிங் மெஷின் குழாய்” என்று இரண்டு அளவையும் சொல்லிக் கேளுங்கள். “வாஷிங் மெஷின் குழாய்” என்று மட்டும் சொன்னால், பார்ப்பதற்கு அதே போல இருக்கிற, வெளியேயும் அரை இன்ச் உள்ள ஆங்கிள் காக் கைக்கு வந்துவிடும். ஹோஸைக் கையோடு எடுத்துப் போய் கடையிலேயே பூட்டிப் பார்ப்பது அதைவிட நல்லது.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. இந்தக் குழாயில் பக்கெட் பிடிக்க முடியாது. பின்கட்டில் இருக்கும் ஒரே குழாயில்தான் பாத்திரமும் துணியும் என்றால் இந்த வழி உதவாது. வேறு குழாய் பக்கத்தில் இருந்தால் மூன்றில் இதுவே சிறந்தது. முக்கியமாகச் சுவருக்குள் இருப்பது பழைய ஜி.ஐ. பைப்பாக இருந்தால், சுவரிலிருந்து குறைவாக நீட்டிக்கொண்டு, குறைவான பாரம் ஏற்றுவது இந்த வழிதான்.

ஒரே இடத்தில் இரண்டு வாய்

இதில் இரண்டு விதம். ஒன்று, டூ-வே குழாய். ஒரே உடம்பில் கீழே பக்கெட்டுக்கு ஒரு மூக்கு, பக்கத்தில் ஹோஸுக்கு ஒரு மரை, தனித்தனிக் கைப்பிடி. இன்னொன்று, சுவருக்கும் பழைய குழாய்க்கும் நடுவில் பித்தளை டீ வைத்து, அதன் கிளையில் ஆங்கிள் காக் பூட்டுவது.

டூ-வே குழாய் வாங்கும்போது பக்கத்து வாயை அளக்காமல் வாங்காதீர்கள். கடைகளில் கிடைப்பவற்றில் நிறைய, கழிப்பறையில் ஹெல்த் ஃபாசெட்டுக்காகச் செய்தவை. அந்த வாய் அரை இன்ச்தான். அதில் முக்கால் ஹோஸ் பூட்ட, அரை இன்ச் பெண் மரையும் முக்கால் இன்ச் ஆண் மரையும் கொண்ட பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும். “ரெட்யூசர் கொடுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் அரை ஆண், முக்கால் பெண் என்று தலைகீழாக வந்து சேரும். எது ஆண், எது பெண் என்பதை அளவோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

டீ வைக்கும் முறையில் அளவுப் பிரச்சினையை விட நெம்புப் பிரச்சினை பெரிது. டீ, நிப்பிள், குழாய் என்று சேர்ந்தால் கைப்பிடி சுவரிலிருந்து வெகுதூரம் வெளியே வந்துவிடும். ஒவ்வொரு முறை திருகும்போதும், பக்கெட் இடிக்கும்போதும் அந்த நீளம் முழுவதும் நெம்புகோலாகிச் சுவருக்குள் இருக்கும் மரையை அசைக்கும். சுவருக்குள் பித்தளை மரை பதித்த எல்போ, சிமென்டில் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் தாங்கும். முப்பது வருட ஜி.ஐ. எல்போ என்றால் டீயைத் தவிர்த்து டூ-வே குழாய்க்குப் போவதே மேல். துருவால் மெலிந்த மரை சுவருக்குள் விட்டுவிட்டால், டைல்ஸ் உடைக்காமல் அதைச் சரி செய்ய வழியில்லை.

சுவருக்குள் இருப்பது என்ன என்று பார்த்த பிறகே முடிவு

மேல்தொட்டியின் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, பழைய குழாயைக் கழற்றுங்கள். கழற்றியதும் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். சாம்பல், துரு நிறம் என்றால் ஜி.ஐ. மஞ்சள் உலோக வளையத்தைச் சுற்றி பிளாஸ்டிக் என்றால் பித்தளை பதித்த சி.பி.வி.சி. அல்லது யு.பி.வி.சி. எல்போ. மரை முழுவதும் பிளாஸ்டிக்காகவே இருந்தால் கொஞ்சம் பயப்பட வேண்டும். உலோக ஆண் மரையை பிளாஸ்டிக் பெண் மரைக்குள் முடுக்குவது மரக்கட்டையில் ஆப்பு அடிப்பது போல. டேப் தடிமனாகச் சுற்றியிருந்தால் ஆப்பு இன்னும் தடிக்கும். உடனே வெடிக்காது, சில நாள் கழித்து நீளவாக்கில் கீறல் விடும். அப்படிப்பட்ட வாயில் எந்த உலோகக் குழாயும் வேண்டாம். எல்போவைப் பித்தளை மரை உள்ளதாக மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. இதற்கு நேர் எதிர், பிளாஸ்டிக் ஆண் மரையை உலோகப் பெண் மரைக்குள் போடுவது. அதில் வெடிக்கும் பயம் இல்லை. அதிகம் முடுக்கினால் குழாயின் கழுத்து ஒடியும், அவ்வளவுதான்.

பழைய குழாய் அசையாவிட்டால் ஸ்பேனருக்கு நீளக் கம்பி சொருகாதீர்கள். துரு இளக்கும் ஆயில் விட்டு ஒரு இரவு விட்டுவையுங்கள். கழற்றும் திசையில் மட்டும் இழுக்காமல் முதலில் ஒரு நூல் அளவு முடுக்கி, பிறகு கழற்றினால் துரு உடையும். மரை மட்டும் ஒடிந்து உள்ளே மாட்டிக்கொண்டால், ஹாக்ஸா பிளேடால் அந்தத் துண்டில் மட்டும் உள்பக்கமாக ஒரு வெட்டு போட்டு, எல்போவின் மரையைத் தொடுவதற்குள் நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரால் உள்நோக்கி மடக்கி எடுக்கலாம்.

வாயைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்த பிறகு, டேப் சுற்றாமல் புதுக் குழாயை வெறும் கையால் பூட்டிப் பாருங்கள். கடைக்கு ஓட வேண்டுமா வேண்டாமா என்பது இந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்று நாலு சுற்று சுகமாக ஏறினால் மரை பொருத்தம். ஒரே சுற்றில் இறுகினால் மரை வேறு, இல்லை கோணலாக ஏறுகிறது. கடைசி வரை போயும் லொட்டையாக ஆடினால் ஒன்று அளவு தப்பு, இல்லை எல்போவின் மரை தேய்ந்துவிட்டது.

இணையத்தில் வாங்கிய சாமானில் இந்தச் சோதனையையும் ஏமாற்றும் மரை ஒன்று உண்டு. விவரத்தில் NPT என்று இருந்தால் அது அமெரிக்க மரை. அரை இன்ச்சிலும் முக்காலிலும் அதற்கும் ஒரு இன்ச்சுக்கு 14 மரைதான், அதனால் நம் சாமானில் ஏறிவிடும். ஆனால் பல்லின் கோணம் அதில் 60 டிகிரி, நம்முடையதில் 55. முழுக்க முடுக்கினாலும் பல்லுக்கு நடுவே சந்து விட்டு அதன் வழியே கசியும். ஹோஸ் வாங்கும்போது G3/4 என்று இருப்பதை எடுங்கள். GHT என்று இருந்தால் அது அமெரிக்கத் தோட்ட ஹோஸ், மரை ஒரு இன்ச்சுக்கு பதினொன்றரை. அதன் நட்டு நம் குழாயின் மரையில் சரியாகப் பொருந்தாது.

டைல்ஸ் ஒட்டிய சுவரில் எல்போவின் வாய் உள்ளே போயிருக்கும். புதுக் குழாயின் மரை எட்டாமல் இரண்டு சுற்றிலேயே உடம்பு டைல்ஸில் முட்டினால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் வேண்டும், ஒரு பக்கம் அரை ஆண், மறு பக்கம் அரை பெண். ஒரு குச்சியை உள்ளே விட்டு டைல்ஸ் மட்டத்தில் அடையாளம் வைத்து, எல்போ வாய் வரையான ஆழத்தை அளந்து, அந்த நீளத்துக்குப் பக்கமான நிப்பிளை வாங்குங்கள். தேவைக்கு மேல் நீளம் வாங்கினால் டீக்குச் சொன்ன நெம்புக் கதை இங்கேயும் தொடங்கும்.

பூட்டும்போது, ஆண் மரையின் முனையை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் டெஃப்லான் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய வெள்ளை டேப் என்றால் பத்துப் பன்னிரண்டு சுற்று. எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். குழாயின் மரை பெரும்பாலும் நேர் மரை, டை போட்டு வெட்டிய பைப் மரை போல நுனி ஒடுங்கியது அல்ல. அதனால் இறுக்கம் முழுவதும் டேப் தர வேண்டும். இரண்டு மூன்று சுற்று போதாது. கையால் ஏறும் வரை ஏற்றி, பிறகு ஸ்பேனரால் ஒன்று, ஒன்றரைச் சுற்று.

இங்கேதான் அனேக கசிவுகள் பிறக்கின்றன. குழாயின் மூக்கு கீழே பார்த்து நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் போய்விட்டால், திருப்பிக் கொண்டு வந்து நேராக நிறுத்துவார்கள். டேப் முன்னே போகும்போதுதான் இறுகும், பின்னால் இழுத்தால் அறுந்து சந்து விடும். தாண்டிவிட்டால் இடம் இருந்தால் இன்னொரு முழுச் சுற்று போய் நிறுத்த வேண்டும். இடமில்லை என்றால் கழற்றி, பழைய டேப்பை முழுவதும் பிய்த்து எடுத்து, புதிதாகச் சுற்ற வேண்டும்.

ஹோஸ் பக்கம் நிலைமை நேர் எதிர். அங்கே தண்ணீரை நிறுத்துவது மரை அல்ல, நட்டுக்குள் இருக்கும் தட்டை ரப்பர் வாஷர். அந்த மரையில் டேப் சுற்றக் கூடாது. சுற்றினால் நட்டு பாதியிலேயே இறுகி, வாஷர் வரை போகாமல் நின்றுவிடும், கசியும். வாஷர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சல்லடை வைத்த முனை இருந்தால் அது எந்தப் பக்கம் என்பதையும் கவனியுங்கள். கையால் இறுக்கியது போதும், பிளாஸ்டிக் நட்டுக்கு ஸ்பேனரே வேண்டாம்.

கடைசியாகத் தண்ணீரைத் திறந்து, மூன்று இடத்தில் காய்ந்த டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி ஒரு இரவு விடுங்கள். சுவர் ஓரத்துக் காகிதம் நனைந்திருந்தால் மரையும் டேப்பும்தான் காரணம். நட்டு ஓரம் நனைந்தால் வாஷர். கைப்பிடித் தண்டின் கீழே நனைந்தால் நீங்கள் செய்த வேலையில் குறையில்லை, குழாயே பழுது. மரையில் டேப் சுற்றியிருந்தாலும் பில்லோடு கடைக்குப் போய் மாற்றித்தரச் சொல்லலாம்.